எல்லாம் சோடியாக வேண்டும்

பாரிஸ் புறநகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெற்றோர் சங்கத்துக்குச் செயலாளராவது பெரிய காரியமில்லை. "யார் செய்கிறீர்கள்?" என்று தலைவி கேட்கும்போது அனுபவசாலிகள் எல்லாரும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைச் சரிசெய்வார்கள். நிமிர்ந்து இருப்பவர்தான் செயலாளர். அன்றைக்கு நான் கயிறில்லாத சப்பாத்துப் போட்டிருந்தேன்.

கடற்கரை வகுப்பு என்று பிள்ளைகளை ஒரு வாரம் கடலோரம் கூட்டிப்போகும் வழக்கம் இங்கே உண்டு. காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும் போகவேண்டும் என்பதற்காகச் சங்கம் சீட்டாட்டப் போட்டி நடத்துகிறது. ஆட்டத்தின் பெயர் பெலோத். பிரான்சின் எந்த ஊர் மண்டபத்திலும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் இதற்காகக் கூட்டம் சேரும். பரிசுகளை அயல் கடைக்காரர்களிடம் கேட்டுக் கடிதம் எழுதுவது செயலாளரின் வேலை.

முதல் வரைவைத் தலைவியே எழுதித் தந்தார். அவர் தத்துவம் படிப்பிக்கும் ஆசிரியை. கடிதம் குடியரசில் தொடங்கி, சமத்துவத்தில் சற்று இளைப்பாறி, இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் பரிசு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. இறைச்சிக் கடைக்காரர் ஒரு கையில் கத்தியோடு இதை வாசிப்பார் என்பதை அவர் யோசிக்கவில்லை. கடைசியில், "ஏதாவது ஒரு பொருள் தந்து உதவுங்கள்" என்று இருந்தது. அந்த 'ஒரு'வில்தான் ஆபத்து.

பெலோத் சோடியாக ஆடும் ஆட்டம். மேசைக்கு நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. வெல்வதும் சோடிதான். ஆகவே எந்தப் பரிசும் ஒரே மாதிரி இரண்டு இருக்கவேண்டும். பெலோத் விளம்பரங்களில் "முதற் பரிசு: இரண்டு ஜம்போன்" என்று போடுவது இதனால்தான். ஒற்றையாக ஒரு பதப்படுத்திய பன்றித்தொடையை வைத்துப் பாருங்கள். நாற்பது வருடம் சேர்ந்து ஆடிய இரண்டு கிழவர்கள் எலும்புப் பக்கம் யாருக்கு என்று வாகனத் தரிப்பிடத்தில் நின்று முடிவெடுக்க வேண்டிவரும்.

பொருளாளர் கணக்குப் போட்டார். 32 சோடி, 64 பேர், ஆளுக்கு 10 யூரோ என்றால் 640 யூரோ. பரிசுகளை நாங்களே வாங்கினால் அந்தக் காசு இறைச்சிக் கடைக்குப் போய்விடும். பிள்ளைகள் கடலைப் படத்தில் பார்க்கலாம். முதல் நாலு சோடிக்கும் எட்டு நல்ல பரிசு போதும். ஆனால் மிச்சம் 56 பேரையும் வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த வருடம் பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பாண் கடையிடம் கேட்டோம், பாணாக அல்ல, ஆளுக்கொரு பகெத் பாணுக்கான சீட்டாக. சீட்டோடு வருகிறவர் ஒரு கேக்கும் வாங்காமல் திரும்பமாட்டார் என்று பாண்காரருக்குத் தெரியும். எங்கள் கடிதத்தில் அவருக்குப் பிடித்த வரியே அதுதான்.

மற்றவர்களுக்கான கடிதத்தை நான் இப்படிச் சுருக்கினேன்:

"ஐயா, டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் பள்ளி மண்டபத்தில் பெலோத் போட்டி நடத்துகிறோம். சேரும் பணம், வசதி குறைந்த பிள்ளைகள் கடற்கரை வகுப்புக்குப் போக உதவும். உங்கள் கடையிலிருந்து ஒரே மாதிரியான இரண்டு பரிசுகளை எதிர்பார்க்கிறோம். பரிசு மேசையில் உங்கள் கடைப் பெயரை எழுதி வைப்போம். செவ்வாய் பிற்பகல் செயலாளர் நேரில் வருவார்."

கடைசி வரி முக்கியம். ஆள் வருவான் என்று தெரிந்தால்தான் கடிதத்தைக் குப்பைக்கூடையில் போடமாட்டார்கள்.

பொருளாளர் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: "உங்கள் நன்கொடையில் 60 வீதம் வரியில் கழியும்." கேட்க இனிமையான வரிதான். பொதுநலச் சங்கங்களுக்கு நிறுவனங்கள் கொடுப்பதற்கு அப்படி ஒரு சலுகை இருப்பதும் உண்மை. ஆனால் ஒரு பள்ளியின் பெற்றோர் சங்கம் அந்த வரையறைக்குள் வருமா என்பது நிச்சயமில்லை. வரி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளியவேண்டும். தகுதியில்லாமல் வரிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் அபராதம் கடைக்காரருக்கு அல்ல, சங்கத்துக்கு. கடற்கரை வகுப்புக்குச் சேர்த்த காசு வரி அலுவலகத்துக்குப் போவதை நான் விரும்பவில்லை. வரியை வெட்டினேன். இறைச்சிக் கடைக்காரர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இரண்டா?" என்று மட்டும் கேட்டு, பெருமூச்சு விட்டு, இரண்டு ஜம்போனுக்கு ஒப்புக்கொண்டார்.

எல்லாருக்கும் முந்திப் பதில் தந்தவர் ஈமச்சடங்கு நிறுவனக்காரர். அவருடைய கடையில் இருந்து இரண்டு பரிசு என்றால் என்ன என்று கூட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரே புரிந்துகொண்டு, சுவரொட்டி அச்சுக்கும் கோப்பிக்கும் காசு தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: சுவரொட்டியில் தன் பெயரும் தொலைபேசி இலக்கமும் பெரிய எழுத்தில் வரவேண்டும். இது நன்கொடை அல்ல, விளம்பரம். அவர் அதை விளம்பரச் செலவாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், வரிப் பற்றுச்சீட்டே தேவையில்லை. சனிக்கிழமை பிற்பகல் பெலோத் ஆட வருகிறவர்களின் வயதை அவர் எங்களைவிட நன்றாகக் கணித்திருந்தார்.

சிகையலங்காரக்காரி இரண்டு முடிவெட்டுச் சீட்டுத் தந்தார். மரக்கறிக் கடையில் இரண்டு பழக்கூடை. பேரங்காடி முகாமையாளர் கடிதத்தை மரியாதையாக வாங்கி, தலைமையகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

எஞ்சியது எங்கள் தமிழ்க்கடை அண்ணை.

"சீட்டாட்டமோ? பள்ளிக்கூடத்திலையோ?" என்றார். "எங்கடை வாத்தியார் சீட்டுக்கட்டைக் கண்டால் முதுகுத்தோலை உரிச்சிருப்பார்."

"பிள்ளையள் ஆடேல்லை அண்ணை, பெரியாக்கள்தான். எங்கடை 304 மாதிரித்தான். அதே 32 சீட்டு, கைக்கு எட்டு."

அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். "ஜாக்குக்கு முப்பதோ?"

"இருபது. ஒன்பதுக்குப் பதினாலு."

"பத்தைக் குறைச்சுப் போட்டாங்கள். ஆஸ்?"

"பதினொண்டு. பத்துக்குப் பத்து. அது ரெண்டும் அப்பிடியே."

"பிறகென்ன!"

"ஆனால் அந்த விலை துருப்பு ஜாக்குக்கு மட்டும்தான் அண்ணை. மற்ற ஜாக்குக்கு ரெண்டுதான். அதை ஆஸ் வெட்டிப்போடும்."

304இல் எந்தச் சாதி ஜாக்கும் ராசாதான். அண்ணையின் முகம் ஒரு நிமிடம் கறுத்தது. "இதென்ன அநியாயம்!" என்றார். ஆனாலும் பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு தந்தார், தன் பெயரையும் போட்டிக்குப் பதியச் சொன்னார். சோடியில்லாமல் பதிந்திருந்த ஒரே ஆள் ஈமச்சடங்குக்காரர். அவரோடு சேர்த்துவிட்டேன்.

போட்டியன்று அண்ணை பழக்கதோசத்தில் துருப்பில்லாத ஜாக்கை மேசை அதிர அடித்துக்கொண்டே இருந்தார். எதிராளிகள் அதை ஆஸால் அமைதியாக அள்ளிக்கொண்டே இருந்தார்கள். கூட்டாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களோடு பழகிய மனிதர் அல்லவா. இருவருக்கும் பகெத் சீட்டுத்தான் கிடைத்தது.

எங்கள் போட்டியில் பரிசை அறிவித்துக் கையில் திணிப்பதில்லை. வென்ற வரிசைப்படி மேசைக்கு வந்து எடுக்கவேண்டும். பன்றி தின்னாதவர் முதலாவதாக வந்தாலும் சிக்கல் வராது. முதலாவதாக வந்தது ஒரு முதிய கணவன் மனைவி. கணவருக்கு உப்பு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். ஜம்போனைக் கண்ணால் ஒருமுறை தடவிவிட்டு அரிசி மூட்டைகளில் கைவைத்தார்கள்.

மண்டபத்தின் கடைசியில் இருந்து அண்ணை எழுந்து வந்தார். அரிசியை எத்தனை தரம் கழுவவேண்டும், தண்ணீர் எந்த அளவு, கஞ்சி எப்போது வடிக்கவேண்டும் என்று தன் பிரெஞ்சில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அந்த அம்மா கைப்பையில் இருந்து பேனாவை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். இரண்டாம் இடத்துச் சோடி ஜம்போனைப் பார்த்தபடி வரிசையில் நின்றது. அண்ணை கஞ்சியில் இருந்து பருப்புக்கு வந்திருந்தார்.