லைஃப் டாக்ஸ் கட்டியாச்சே, அப்புறம் என்ன?

ஈரோடு வாசகர்: 2010-ல் கார் வாங்கும்போதே லைஃப் டாக்ஸ் கட்டிவிட்டேன். இப்போது ஆர்.சி. முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆயுளுக்கும் கட்டிய பணம் என்ன ஆச்சு?

பணம் பத்திரமாக இருக்கிறது, அரசாங்கத்திடம்! வரிதான் ஆயுளுக்கும். பதிவு 15 வருஷத்துக்கு மட்டும். பதிவான தேதியிலிருந்து கணக்கு. அதன்பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். லைஃப் டாக்ஸை மறுபடி கேட்க மாட்டார்கள், பசுமை வரி கேட்பார்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ஐப் போடலாம்.

மதுரை வாசகர்: 15 வருஷம் ஆனால் காயலான் கடைதான் என்கிறானே மைத்துனன்?

மைத்துனர் டெல்லிச் செய்தி பார்க்கிறவர் போல. பழைய வண்டியை ஓட்டக்கூடாது என்ற சண்டையெல்லாம் அங்கேதான். நம் ஊரில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படி வயசு வரம்பு இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் சரி என்றால் வண்டி ஓடலாம். மைத்துனருக்கு உங்கள் கார் மேல் கண் இருக்கிறதா, விசாரியுங்கள்.

திருச்சி வாசகி: இன்ஸ்பெக்டர் என்னதான் பார்ப்பார்? காருக்குப் புது பெயின்ட் அடித்துவிடலாமா?

அடிக்காதீர்கள். கலர் மாறினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அவர் முதலில் தேடுவது சேஸிஸ் நம்பரை. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 15 வருஷத் துருவில் அதுதான் முதலில் மறையும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் துருவோடு நம்பரும் போகும். படிக்க முடியாத நம்பரைத் தெரிந்த லேத்துக்காரரிடம் கொடுத்து அடித்துக்கொண்டு போனால், உங்கள் சொந்தக் காரே திருட்டுக் கார் மாதிரி தெரியும். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

பிறகு பிரேக், ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர். டயரில் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏதாவது தேறாவிட்டால் சரிசெய்து மறுபடி கொண்டுவரச் சொல்வார், அவ்வளவுதான். வண்டியால் திரும்பி வருகிறவர்களைவிடக் காகிதத்தால் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நாமக்கல் வாசகர்: கார் அப்பா பெயரில். அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. பேங்க் கடன் 2014-லேயே முடிந்தது. நேராகப் போய் எஃப்.சி. காட்டிவிடலாமா?

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். கடன் கொடுத்த பேங்க்கின் பெயர் இன்னும் அதில் இருந்தால், ஆர்.டி.ஓ. கணக்கில் உங்கள் கடன் முடியவில்லை. தவணை முடிந்ததும் அது தானாக அழியாது. பேங்க்கில் என்.ஓ.சி.யும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கிவந்து நீக்க வேண்டும். பேங்க் வேறொன்றோடு இணைந்திருந்தால் இப்போதைய பேங்க்கில் கேளுங்கள். அந்தப் பழைய கணக்கைத் தேடி எடுக்கவே வாரங்கள் ஆகலாம். அடுத்தது பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துப் படிவம் 31. மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் இப்போதே ஆரம்பியுங்கள். இவை முடிந்தபின் இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் நடப்பில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு வண்டியைக் கொண்டுபோங்கள்.

கடலூர் வாசகர்: இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, ஆர்.சி. முடிந்தால் என்ன?

கம்பெனி பிரீமியம் வாங்கும்போது கேட்காததை, கிளெய்ம் கேட்கும்போது கேட்கும். தற்காலிகப் பதிவு முடிந்தபின் ஓடிய வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், இழப்பீடு கிடையாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. செல்லாத பதிவோடு பிடிபட்டால் சட்டப்படி முதல் தடவை அபராதம் 5,000 ரூபாய் வரை போகலாம்.

தஞ்சாவூர் வாசகர்: என் ஸ்கூட்டரின் ஆர்.சி. முடிந்து இரண்டு வருஷம். வாசலில் சும்மாதான் நிற்கிறது. ஓட்டாத வண்டிக்குத் தாமதக் கட்டணம் உண்டா?

உண்டு. அவர்கள் பார்ப்பது காலண்டரை, கிலோமீட்டரை அல்ல. இரு சக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 300 வீதம் 24 மாதத்துக்கு 7,200. ஆக 8,200, பசுமை வரி தனி. (காராக இருந்தால் கட்டணம் 5,000, தாமதம் மாதம் 500.) 20 வயசைத் தாண்டிய வண்டிக்கு 2025 முதல் அடிப்படைக் கட்டணமே இரட்டிப்பு. இனி ஓடவே ஓடாது என்றால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக்கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். ஓட்டப் போகிறீர்கள் என்றால் இந்த மாதமே போங்கள். அடுத்த மாதம் இன்னொரு 300.