மதியம் கட்டிய தவணை

கேள்வி: 5-ஆம் தேதி தவணைக்கு அன்று மதியமே வங்கியில் பணம் போட்டேன். ஆனாலும் இரண்டு அபராதம். ஏன்?
– ஒரு வாசகர், விக்கிரமங்கலம்

பதில்: ஜெயங்கொண்டம் பஸ் போனபிறகு நிறுத்தத்துக்கு வந்திருக்கிறீர்கள்! தவணைக் கோரிக்கை பெரும்பாலும் காலையிலேயே கணக்குக்கு வந்துவிடும். 50 ரூபாய் குறைந்தாலும், இருப்பதை எடுத்துக்கொள்ளாமல் முழுத் தவணையையும் திருப்பிவிடுவார்கள். திருப்பிய சிரமத்துக்கு உங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், ஜி.எஸ்.டி. தனி. தாமதத்துக்குக் கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். 2024 முதல் அந்த அபராதத்தின்மேல் வட்டி ஏற்றக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கணக்கைப் பார்த்துக் கேளுங்கள். கடனுக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வேறு: நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்குத் தொடரலாம்.

இனி முதல் நாள் மாலையே பணம் போடுங்கள். உங்கள் வரவே 10-ஆம் தேதிதான் என்றால், தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்.