மேல்காற்றுத் தர்மம்

அறவியல் தாளில் இப்படியொரு கேள்வி வரும். அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் விரிவாகிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதும் ஆலோசகர் நீங்கள். காற்று வந்து சேரும் திசையில் உள்ள ஊரில் நுண்துகள் (பிஎம் 10) 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 118 மைக்ரோகிராம், வரம்பு 100. நிறுவனத்தின் மேலாளர் சொல்கிறார்: "சார், அளக்கிற மெஷினைக் கொஞ்சம் மேற்கே தள்ளி வைங்களேன்." மீதிப் பணம் அனுமதி கிடைத்த பிறகுதான். என்ன செய்வீர்கள்?

மாணவர் எழுதுவார்: "மேலதிகாரியுடன் கலந்து பேசுவேன்." முழு மதிப்பெண்.

கேள்வியிலேயே விடை இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் ஆலோசகரை அமர்த்துவதும் சம்பளம் தருவதும் திட்டக்காரரே. அதோடு, அனுமதி வந்தால்தான் பாக்கி என்றால் 118 எப்படி 92 ஆகாமல் இருக்கும்? ஆகவே அந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலிருந்து நீக்கச் சொல்வதுதான் முதல் வேலை. அடுத்து, மேலாளரின் யோசனையை எழுத்தில் கேட்பது. பெரும்பாலும் அதற்குப் பிறகு மெஷின் நகராது. 118ஐ அறிக்கையில் வைத்து, லாரிப் பாதைக்குத் தண்ணீர் தெளிப்பு, தார்ப்பாய் என்று பரிகாரமும் எழுதலாம். அதுவும் முடியாதென்றால் கையெழுத்துப் போடாமல் விலகலாம்.

ஏமாற்றினால் தெரியாதா? தெரியும். அளவிட்ட இடங்களைக் காற்றுத் திசைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். எல்லாம் மேல்காற்றில் கூடியிருந்தால், சுரங்கம் புழுதியே கிளப்புவதில்லை. பெரம்பலூரில் பருத்தி விளையாததைப் போல!