கதவு திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் 'அப்போதே...' என்று தொடங்குகின்றன. அப்போதே அதைப் படித்திருக்கலாம், அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 2009-ல் வெறும் 0.25 கட்-ஆஃபில் எனக்கு எம்.பி.பி.எஸ். சீட் நழுவியது. பத்து மார்க்கில் போயிருந்தால் இத்தனை வருடம் வலித்திருக்குமா?
(பல் மருத்துவர், தஞ்சாவூர்)

வலித்திருக்காது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை ஒளிப்பதிவில் பார்த்து, யார் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள் மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெண்கலக்காரருக்குப் பதக்கமே இல்லாமல் போயிருக்கலாம் என்ற நினைப்பு. வெள்ளிக்காரருக்கோ கைக்கெட்டியது போய்விட்டதே என்ற நினைப்பு. நீங்கள் கதவுக்கு மிகப் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள், டாக்டர். அதனால்தான் அதைச் சாத்திய சத்தம் இன்னும் கேட்கிறது. உங்கள் திறமைக்கும் அந்தச் சத்தத்துக்கும் தொடர்பே இல்லை. பல் வலியோடு வந்து உங்கள் நாற்காலியில் சாய்பவருக்கு அந்தக் கால் மார்க் தெரியாது, தேவையும் இல்லை.

கேள்வி: 25 வயதில் வீட்டில் பார்த்த ஒரு நல்ல வரனை, வேலையை விட மனமில்லாமல் வேண்டாம் என்றேன். இப்போது 41. அவர் குடும்பப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. காலம் போகப் போகக் குறைய வேண்டியது ஏன் கூடுகிறது?
(வாசகி, மதுரை)

சகோதரி, இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. செய்ததற்கான வருத்தம் முதலில் சுடும், பிறகு ஆறிவிடும். செய்யாமல் விட்டதற்கான வருத்தம் முதலில் தெரியாது, வருடங்கள் போன பிறகுதான் மேலே வரும். கிலோவிச்சும் மெட்வெக்கும் 1990-களில் செய்த ஆய்வுகளில் இதைத்தான் கண்டார்கள்.

காரணம் எளிது. செய்த காரியத்துக்குக் கணக்கு முடிந்துவிடும். அந்த வேலையில் என்ன சம்பாதித்தீர்கள், யாரிடம் திட்டு வாங்கினீர்கள், எந்த நாளில் பெருமைப்பட்டீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நடக்காத கல்யாணத்தில் ஒரு சண்டைகூட நடந்ததில்லை. அவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினாறு வருட நிஜத்தை, ஒரு குறைகூட எழுதப்படாத பதினாறு வருடக் கற்பனையோடு நிறுத்துப் பார்க்கிறீர்கள். அந்தத் தராசு ஒருநாளும் உங்கள் பக்கம் சாயாது.

25 வயதில் உங்கள் கையில் இருந்த தகவல் என்ன? ஒரு புகைப்படம், இரண்டு சந்திப்பு, 'வேலையை விட வேண்டும்' என்ற நிபந்தனை. அதை வைத்து நீங்கள் எடுத்த முடிவு சரியானது. அந்தக் கதவு மூடிவிட்டது. அவர் படம் கண்ணில் படாதபடி செய்துகொள்ளுங்கள். துணை வேண்டும் என்ற ஏக்கம்தான் அடியில் இருக்கிறது என்றால் அது வேறு கதவு. 41 வயதில் அது மூடுவதில்லை.

கேள்வி: 2013-ல் சட்டம் படிக்க ஆசைப்பட்டேன். அப்பா மெக்கானிக்கல் என்றார், சேர்ந்தேன். இன்று ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர், சம்பளம் 38,000. மனைவி, 2 வயதுக் குழந்தை. வயது 30. இப்போதாவது வேலையை விட்டுவிட்டு வக்கீல் படிப்பில் சேரலாமா, அல்லது மனதைத் தேற்றிக்கொள்ளவா?
(வாசகர், ஓசூர்)

தம்பி, இந்த வாரத்தின் பெரிய கேள்வி உங்களுடையதுதான். மதுரைச் சகோதரிக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் கதவு திறந்திருக்கிறது. மக்கள் எதற்காக அதிகம் வருந்துகிறார்கள் என்று அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005-ல் ஒரு கட்டுரை வந்தது. படிப்பு முதலிடம், வேலை அடுத்தது, காதல் மூன்றாவது. படிப்பை எந்த வயதிலும் தொடரலாம் என்பதால்தான் அந்த வருத்தம் ஆறுவதில்லை என்று அதை எழுதியவர்கள் விளக்கினார்கள். உங்களை அரிப்பதும் இதுதான். எனவே தேற்றிக்கொள்வது பலிக்காது. கணக்குப் போடுங்கள்.

முதலில் கதவின் அளவு. உங்கள் பி.இ. பட்டத்தோடு 3 ஆண்டு எல்.எல்.பி.யில் சேரலாம், 30 வயது ஒரு தடையே இல்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண் வைத்துத்தான் சேர்க்கை. உங்களுக்குத் தர்மபுரியிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது, கட்டணமும் குறைவு. ஆனால் இது தபாலில் படிக்கிற படிப்பு இல்லை. பார் கவுன்சில் விதிப்படி பாடத்துக்கு 70 சதவீத வருகை வேண்டும். பகலில் வகுப்பு, வாரத்துக்கு 30 மணி நேரம். 'வேலையும் பார்க்கலாம், வகுப்புக்கு வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வெளிமாநிலக் கல்லூரி பெயரைச் சொல்லி யாராவது வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பின்னால் வக்கீலாகப் பதிவு செய்யும்போது அந்தப் பட்டம் கேள்விக்குள்ளாகும்.

ஆகவே உண்மையான கட்டணம் உங்கள் சம்பளம். 38,000-ஐ 36 மாதத்தால் பெருக்குங்கள்: 13,68,000 ரூபாய். கடன் தவணை இருந்தால் அதையும் சேருங்கள். முடித்த பிறகு பார் கவுன்சிலில் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்தான், அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். அதெல்லாம் சின்னச் செலவு. பெரியது, சீனியரிடம் ஜூனியராக இருக்கும் காலம். ஜூனியருக்கு நகரத்தில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, பார் கவுன்சிலும் அறிவுறுத்தியது. ஆனால் உங்கள் ஊர் சீனியர்கள் அதைக் கொடுக்கிறார்களா என்பதை அங்கே கேட்டால்தான் தெரியும். வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே வேறு முழுநேரச் சம்பள வேலையில் இருக்கவும் முடியாது. ஆக, குறைந்தது ஐந்து வருடத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதை மனைவியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அவர் தலையாட்டினால் போதாது, எண்கள் ஒத்துவர வேண்டும்.

அடுத்து, ஆசையைச் சோதியுங்கள். பதினேழு வயதில் நீங்கள் ஆசைப்பட்டது எந்த வக்கீலுக்கு? உயர் நீதிமன்றத்தில் கருப்பு கவுனோடு நின்று வாதாடுகிறவருக்கு என்றால், அவர் பல வருட ஜூனியர் வாழ்க்கையைக் கடந்து வந்தவர். பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓசூர் கோர்ட்டில் காலை 10.30-க்குப் போய் உட்காருங்கள். கோர்ட் பொதுமக்களுக்குத் திறந்ததுதான், யாரும் தடுக்க மாட்டார்கள். கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு, சீனியருக்காக வாய்தா கேட்டு, மத்தியானம் வரை காத்திருக்கும் அந்த நான்காவது வருட ஜூனியரைப் பாருங்கள். டீக்கடையில் அவரிடம் பேசுங்கள். பத்தாவது நாள் மாலையிலும் அந்த இடத்தில் நிற்க ஆசை இருந்தால் அது நிஜ ஆசை. மூன்றாம் நாளே சலித்துவிட்டால், உங்களுக்குத் தொழிற்சாலைமேல்தான் கோபம். அதற்கு மருந்து வேறு கம்பெனி.

உங்களுக்கு மூன்றாவது கதவு ஒன்றும் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் உள்ள, 21 வயது முடிந்த இந்தியக் குடிமகன் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். சட்டப் பட்டம் வேண்டாம். ஒருவர் புதிதாக ஒரு வால்வு கண்டுபிடித்தால், அதில் எது புதியது, எதற்கு உரிமை கோருகிறார் என்பதைச் சட்டம் ஏற்கும் மொழியில் வரைவது முகவரின் வேலை. பொறியியல் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது வரும். தேர்வில் இரண்டு தாள், ஒரு நேர்முகம். முதல் தாள் சட்டமும் விதிகளும், இரண்டாவது வரைவு எழுதுவது. தாளுக்கு 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். தேர்வு ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேறினால் காப்புரிமை அலுவலகத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். கோர்ட்டில் வாதாட முடியாது, அதற்கு எல்.எல்.பி. வேண்டும்.

வேலையில் இருந்தபடியே ராத்திரி இரண்டு மணி நேரம் படித்து எழுதக்கூடிய தேர்வு இது. அப்பாவுக்காகப் படித்த மெக்கானிக்கலும், உங்களுக்காகப் படிக்க நினைத்த சட்டமும் இங்கே ஒரே மேஜைக்கு வருகின்றன. என் தீர்ப்பு: முதலில் பத்து நாள் கோர்ட். பிறகு இந்தத் தேர்வு. அதன் பிறகும் கோர்ட் ஆசை அடங்கவில்லை என்றால், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கும் வருடத்தில், சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்.எல்.பி.யில் சேருங்கள். இன்றே ராஜினாமா எழுத வேண்டாம்.

கேள்வி: மகளைக் கட்டாயப்படுத்தி கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தேன். அவளுக்குத் தமிழ் இலக்கியம்தான் பிடித்தது. மூன்றாவது வருடம் படிக்கிறாள், முகத்தில் சிரிப்பே இல்லை. மன்னிப்புக் கேட்கலாமா?
(தந்தை, நாமக்கல்)

இன்று இரவே கேளுங்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தையைச் சேர்க்காமல் கேளுங்கள். பிறகு, அடுத்து எம்.ஏ. தமிழ் படிக்கிறாயா என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். இரண்டாவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

கேள்வி: வரலாறு படிக்க ஆசை, வீட்டு நிலைமை விடவில்லை. பி.காம். முடித்து வங்கியில் ஓய்வு பெற்றேன். 68 வயதில் இந்த வருத்தத்தை என்ன செய்வது?
(வாசகர், திருநெல்வேலி)

விண்ணப்பம் எழுதுங்கள், ஐயா. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், உங்கள் பி.காம். செல்லும். வயது வரம்பு கிடையாது. 2 வருடப் படிப்பு, 4 வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை.