மாமா பதில்கள்: மொட்டை மாடிக்கு எந்தப் பூச்சு?

மாமா, மொட்டை மாடி ஒழுகுகிறது. கடையில் இருபது வகை வாளி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்கட்டும்?
*- வாசகர், தாம்பரம்*

இன்றைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். மாடியில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தங்குகிறது என்று பாருங்கள். தங்குகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

விரிசல் இருந்தால் அதன் குறுக்கே வெள்ளை சிமென்ட்டில் ஒரு பொட்டு வையுங்கள். ஒரு மாதத்தில் பொட்டு உடைந்தால் விரிசலுக்கு உயிர் இருக்கிறது. உடையாவிட்டால் அது செத்த விரிசல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நோய் தெரியாமல் மருந்து வாங்கினால் தீர்வது கடைக்காரரின் கஷ்டம்தான்.

சிமென்ட்டில் கலக்கும் வாட்டர்ப்ரூஃபிங் திரவம் ஒரு கேன் வாங்கி, தண்ணீரில் கரைத்து மாடி முழுக்க ஊற்றினேன். ஒரு பலனும் இல்லையே?
*- வாசகி, கடலூர்*

கலவைக்குள் கலக்கத்தான் அம்மா அது! 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 200 மில்லி என்று கேனிலேயே போட்டிருக்கும். புதிதாகத் தளம் போடும்போதோ, மேல்பூச்சு பூசும்போதோ சேர்த்தால் சிமென்ட்டின் நுண்துளைகளைக் குறைக்கும். இறுகிப்போன தளத்தின் மேல் ஊற்றினால் அது மழைநீர்க் குழாயைத்தான் வாட்டர்ப்ரூஃப் செய்யும். பெருங்காயம் கொதிக்கிற சாம்பாருக்கு. சாப்பிட்டு எடுத்த இலைக்கு இல்லை.

வெள்ளை அக்ரிலிக், பொடியும் திரவமும் சேர்த்துக் கலக்கும் பூச்சு, பி.யூ. - மூன்றில் எது உசத்தி?
*- வாசகர், வேளச்சேரி*

உசத்தி எது என்று மாடியைக் கேளுங்கள்.

வெள்ளை அக்ரிலிக் வெயிலைத் தாங்கும், வீட்டைக் குளிர வைக்கும், ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும். அதன் எதிரி மழை அல்ல, நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர். ஊறிப்போய் மெத்தென்று ஆகி, தளத்தை விட்டுக் கழன்றுகொள்ளும். வாட்டம் சரியாக உள்ள மாடிக்கே அக்ரிலிக்.

பொடி-திரவக் கலவை என்பது சிமென்ட்டும் அக்ரிலிக் பாலிமரும் சேர்ந்தது. லேசான ஈரத்தில்கூட ஒட்டும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் விடும். ஆனால் அது வெயிலுக்குப் பிறந்த பிள்ளை அல்ல; மேலே டைல்ஸோ தளமோ போடப் போகிறவர்களுக்கு அதுதான் சரி.

பி.யூ. எனும் பாலியூரிதேன் மூன்றிலும் நன்றாக இழுபடும். தேங்கும் நீரையும் பெரும்பாலும் சமாளிக்கும். விலையும் அதிகம், ரோஷமும் அதிகம். பூசும்போது தளத்தில் ஈரம் இருந்தால் அதனுடன் வினைபுரிந்து கரியமில வாயு கிளம்பும், பூச்சு அப்பளம் மாதிரி கொப்பளிக்கும். மலிவு ரகமாக இருந்தால் வெயிலில் மஞ்சள் பூக்கும். அதற்கும் மேலே இன்னொரு காப்புப் பூச்சு கேட்கும்.

மாமா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மாடி 600 சதுர அடி. தென்மூலையில் நாலடிக்கு மூன்றடி அளவில், அரை அங்குலப் பள்ளம். கைப்பிடிச் சுவர் ஓரமாக நீள விரிசல், பொட்டு உடைந்துவிட்டது. டைல்ஸ் போடக் காசில்லை. பெயிண்டர் "20 லிட்டர் வெள்ளை அக்ரிலிக் ஒன்று போதும்" என்கிறார்.
*- அதே வாசகர், தாம்பரம்*

நல்ல பிள்ளை! உங்களுக்கு அக்ரிலிக்கே சரி. பெயிண்டரின் கணக்குதான் தப்பு.

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். இது பள்ளிக்கூடக் கணக்கு, எந்தக் கம்பெனிக்கும் மாறாது. உங்கள் மாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 20 லிட்டரைப் பரப்பினால் 0.36 மி.மீ. அதில் ஏறத்தாழ பாதி தண்ணீர், காற்றோடு போய்விடும். மிச்சம் 0.18 மி.மீ. உங்கள் பெயிண்டரின் விசிட்டிங் கார்டுகூட இதைவிடத் தடி!

காய்ந்த பிறகு 0.6 மி.மீ. நிற்க வேண்டும். அதற்கு ஈரத்தில் 1.2 மி.மீ., அதாவது 67 லிட்டர். மூன்றரை வாளி. அதையும் ஒரே நாளில் அப்பாமல், மூன்று கோட்டாக, ஒன்று கிழக்கு-மேற்கு, அடுத்தது வடக்கு-தெற்கு என்று அடிக்கச் சொல்லுங்கள். போன வருஷம் என் பக்கத்து வீட்டு மாடியில் நகத்தால் கீறிப் பார்த்தேன். ஆறிய பாலின் ஆடை போல ஒரு முழத்துக்குச் சுருண்டு வந்தது. வாங்கியது நல்ல சரக்கு. பூசியது ஒரே வாளி.

வாளியைத் திறக்கும் முன் மூன்று வேலை இருக்கிறது.

முதலில் பள்ளம். அங்கே கொத்திவிட்டு, லேடெக்ஸ் கலந்த சிமென்ட் பால் தடவி, அது காயும் முன் பாலிமர் கலவையால் நிரப்பி, குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாகப் போகும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேஸ்திரியின் கண்மட்டம் வேண்டாம்.

அடுத்து விரிசல். உயிருள்ள விரிசலில் சிமென்ட்டை அடைத்தால் அது பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். பகலில் வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, சிமென்ட்டுக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, தூசியை ஊதி எடுத்துவிட்டு, இழுபடும் பி.யூ. சீலன்ட்டை நிரப்புங்கள்.

மூன்றாவது, தளமும் சுவரும் சேரும் மூலை. அங்கே இரண்டு அங்குலத்துக்குச் சரிவாகக் கலவை வைத்து முனையை மழுக்குங்கள். அதன் மேல் ஃபைபர் வலையை முதல் கோட்டிலேயே பதித்து, பூச்சைச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றுங்கள். பெரும்பாலான மாடிகள் நடுவில் ஒழுகுவதில்லை, இந்த ஓரத்திலும் குழாய் வாயிலும்தான்.

ஐப்பசி மழை நடுவே இரண்டு நாள் வெயில் வருகிறதே, அப்போது அடித்துவிடலாமா?
*- வாசகர், நாகப்பட்டினம்*

இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை மாடியில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரவு விட்டுவிடுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளம் இன்னும் ஊறிக் கிடக்கிறது. அதன் மேல் அக்ரிலிக்கோ பி.யூ.வோ பூசினால் வெயில் வந்ததும் கொப்பளம். தை பிறக்கும்வரை தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள்.

அப்படியானால் சித்திரை உச்சி வெயிலில் அடிக்கலாம்தானே?
*- வாசகி, வேலூர்*

அடிக்கலாம், தோசை சுடுவதாக இருந்தால். கொதிக்கும் தளத்தில் பூச்சின் மேல்தோல் மட்டும் முதலில் காய்ந்து, உள்ளிருக்கும் ஆவி ஊசித்துளை போட்டு வெளியே வரும். காலையில் சீக்கிரம் தொடங்குங்கள், அல்லது தளம் ஆறிய மாலையில்.

மாடியில் ஏறாமல், அறைக்குள் சீலிங்கில் பூசிவிட்டால் போதாதா?
*- வாசகர், திருச்சி*

குடையைத் தலைக்குக் கீழே பிடிப்பீர்களா? மேலிருந்து இறங்கும் தண்ணீர் காங்கிரீட்டுக்குள்ளேயே தங்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், சீலிங் பெயர்ந்து விழும். கறை மறையும், கம்பி கரையும்.

எங்கள் வீட்டில் மே மாதத்திலும் ஒழுகுகிறது. எந்தப் பூச்சு?
*- வாசகி, அம்பத்தூர்*

ஒரு பூச்சும் வேண்டாம். மேல்நிலைத் தொட்டியையும் அதன் குழாய் மூட்டுகளையும் பாருங்கள். மழையில்லாமல் ஒழுகினால் குற்றவாளி வானம் இல்லை, பிளம்பிங்.

மயிலாப்பூரில் தாத்தா காலத்து வீடு. தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். அதற்கும் பி.யூ. அடிக்கலாமா?
*- வாசகர், மயிலாப்பூர்*

கூடவே கூடாது! அது சுண்ணாம்புத் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, செங்கல் ஜல்லியைக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியிருப்பார்கள். அது ஈரத்தை வாங்கி வெளியே விட்டு வாழ்கிறது. மேலே பிளாஸ்டிக் படலம் போட்டால் ஈரம் கீழே இறங்கித் தேக்கை உளுக்க வைக்கும். தட்டோட்டை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று சத்தம் வந்தால் அடியில் பிடிப்பில்லை. அந்த ஓடுகளை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பிலேயே பதியுங்கள்.

பத்து வருஷ காரண்டி தருகிறார்கள். நம்பலாமா?
*- வாசகர், புதுச்சேரி*

காய்ந்த பிறகு எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்று அதே அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டால் நம்புங்கள்.

ஒரு மழைநீர்க் குழாய் போதாதா மாமா? இருக்கிற ஒன்றே எப்போதாவதுதானே வேலை செய்கிறது?
*- வாசகர், பல்லாவரம்*

2015 டிசம்பர் முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் இடையே, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 600 சதுர அடி மாடியில் அது சுமார் 27,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டேகால்! ஒற்றைக் குழாயின் வாயில் ஒரு வேப்பிலைக் கொத்து உட்கார்ந்தால் உங்கள் மாடி நீச்சல் குளம். இரண்டு குழாய் வையுங்கள், இரண்டுக்கும் வலை மூடி போடுங்கள்.

மாமா, எல்லாம் முடித்தாயிற்று. மூன்றரை வாளியும் தீர்ந்தது. பெயிண்டருக்கு மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடலாமா?
*- மீண்டும் அதே வாசகர், தாம்பரம்*

கையை மடக்குங்கள்! கடைசிக் கோட்டு அடித்து ஒரு வாரம் காயட்டும். பிறகு குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஒவ்வொரு அறையிலும் விளக்கைப் போட்டுச் சீலிங்கையும் சுவர் மூலையையும் தடவிப் பாருங்கள்.

இரண்டு நாளில் வெயில் குடிக்கிற அளவைத் தவிர நீர்மட்டம் இறங்காமல், கையில் ஈரமும் படாமல் இருந்தால் அன்று மாலையே பணத்தைக் கொடுங்கள். அடைப்பை எடுக்க மறந்துவிடாதீர்கள்.