ஒற்று வாத்தியார்

எல்லாத் தெருவிலும் ஓர் ஒற்று வாத்தியார் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியராக இருப்பார். இல்லையென்றால் தமிழாசிரியராக ஆசைப்பட்டு, வேறு ஏதோ அலுவலகத்தில் ஓய்வு பெற்றவராக இருப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார். ‘திருமணத்திற்கு தங்கள்’ என்று அச்சாகியிருக்கிறதா, ‘திருமணத்திற்குத் தங்கள்’ என்றா என்றுதான் பார்ப்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘துக்கத்தை பகிர்ந்துகொள்கிறோம்’ என்று எழுதினால், அடுத்த நிமிடமே ‘துக்கத்தைப்’ என்று ஒரே ஒரு சொல் வந்து விழும். இறந்துபோனவர் அவருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன்தான்.

எங்கள் தெருவில் இருப்பவர் இப்போது வீடியோவும் போடுகிறார். படம் பிடிப்பது நான். சம்பளம் கிடையாது, காபி உண்டு.

கூடத்தில் ஒரு கரும்பலகை. எதிரே ஸ்டூலின் மேல் அகராதிகளை அடுக்கிக் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருக்கிறோம். சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பார். கீழே லுங்கி, அது படத்தில் விழாது. உள்ளே சமையலறையில் அவருடைய அம்மா. எண்பதைத் தாண்டிவிட்டார். குரல் மட்டும் இன்னும் முப்பதிலேயே நிற்கிறது.

ஒவ்வொரு வீடியோவிலும் இரண்டு எடுத்துக்காட்டு, ஒரு கேள்வி, பத்து நொடி இடைவெளி. அந்தப் பத்து நொடிதான் அவருடைய கலை. மற்றவர்கள் அந்த நேரத்தில் ஒரு கடிகாரத்தைச் சுழலவிட்டு, கீழே இசை போடுவார்கள். இவர் வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்ப்பார். முப்பது வருடம் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பழகிய பார்வை. விடை தெரிந்த நானே கைப்பேசிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

முதல் பாடத்தில், வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே நமக்கு வம்பு க, ச, த, ப என்ற நாலு பேரால்தான் என்றார். “உயிரெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் இந்த நாலும் வந்தால் மிகும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் பொதுவாகச் சொல்லிவிட்டார். கூடவே, விலக்கு இருக்கும் இடம் தவிர என்று ஒரு வாலையும் வைத்துவிட்டார். நான் போடப்போகும் வீடியோ எல்லாம் அந்த வாலைப் பற்றித்தான்” என்று முடித்தார். பார்த்தவர் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் நான்.

அவருக்குக் கொஞ்சம் பேர் வாங்கிக் கொடுத்தது கீரை. தெருமுனையில் ஓர் அம்மா தகரப் பலகையில் ‘கீரை கடை’ என்று எழுதி மாட்டியிருந்தார். வாத்தியார் சாக்கட்டியோடு போய் நின்று, “ஏம்மா, யாரைக் கடையச் சொல்லுறீங்க?” என்று கேட்டார். “எதுக்கு சார் இங்க கடையணும்? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடைஞ்சுக்குங்க” என்றார் அந்த அம்மா. வாத்தியாருக்கு ஒரு முழு வீடியோ கிடைத்துவிட்டது.

கரும்பலகையில் மூன்று வரி எழுதினார். கீரையைக் கடை. கீரை கடை. கீரைக்கடை.

முதல் வரியில் ‘ஐ’ கண்ணுக்குத் தெரிகிறது. அது தெரிந்தால் ஒற்று மிகும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாவதிலும் கீரையைத்தான் கடையச் சொல்கிறோம், ஆனால் ‘ஐ’ ஒளிந்துகொண்டது. அது மட்டும் ஒளிந்தால் ஒற்று மிகாது. தமிழ் படித்தான், பூ பறித்தாள், வேலை செய்தான் எல்லாம் அந்தச் சாதி. மூன்றாவது, கீரையை விற்கும் கடை. இங்கே ‘ஐ’ போனதோடு ‘விற்கும்’ என்ற சொல்லும் சேர்ந்து போய்விட்டது. இரண்டு பேர் காணாமல் போனால் அடையாளத்துக்கு ஓர் ஒற்றை வைத்துவிட்டுப் போவார்கள். புத்தகத்தில் இதற்கு ‘இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன் தொக்க தொகை’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பாதி வகுப்பு ஒன்பதாவதோடு தமிழை விட்டது என்பது என் அபிப்பிராயம். வாத்தியார் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “மறந்துடுங்க. மறைஞ்சதை எடுத்து வெளியே வெச்சுப் பாருங்க. ‘ஐ’ மட்டும் போதும்னா ஒற்று வேண்டாம். இன்னொரு சொல்லும் தேவைப்பட்டா ஒற்றைப் போடுங்க” என்றார். மருந்துக்கடை, பழக்கடை, துணிக்கடை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

இதில் வேடிக்கை, அந்தக் கீரைக்கார அம்மா வாயால் சொல்லும்போது ஒருநாளும் தப்பு செய்ததில்லை. “நான் கீரைக்கடை வெச்சிருக்கேன்” என்று ‘க்’கை அழுத்தித்தான் சொல்வார். பேசும்போது தானாக வருகிற ஒற்று பலகையில் எழுதும்போதுதான் நழுவுகிறது. வாத்தியார் அன்று சாக்கட்டியால் இடையில் ஒரு ‘க்’ சேர்த்துவிட்டு வந்தார். அடுத்த மழையில் அது போய்விட்டது.

அவருடைய மாணவர்களுக்கு வேறொரு நோய் வரும். எனக்கு வந்தது. ஒரு மாதம் படம் பிடித்ததில் கை தாராளமாகி, கண்ட இடத்தில் எல்லாம் ஒற்றைத் தூவ ஆரம்பித்தேன். ஒரு நிறுவனத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் ‘மூன்று மாதமாக வேலைத் தேடுகிறேன்’ என்று எழுதி, பெருமையோடு அவரிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்த வேலை?”

“எதுவானாலும் சரி, சார்.”

“இல்லை தம்பி. நீ எழுதியிருப்பது வேல் பிளஸ் ஐ. முருகன் கையில் இருக்கே, அந்த வேலை. அதைத்தான் மூணு மாசமாத் தேடுறதா எழுதியிருக்கே. உத்தியோகம்னா ‘வேலை தேடுகிறேன்’. ‘ஐ’ ஒளிஞ்சிருக்கு, ஒற்று கிடையாது. ஒற்றைப் போட்டே ஆகணும்னா ‘வேலையைத் தேடுகிறேன்’னு எழுது.”

ஒற்று குறைந்தால்தான் பிழை என்று அதுவரை நினைத்திருந்தேன். கூடினாலும் பிழைதான். முன்னதைச் செய்கிறவர் அவசரக்காரர். பின்னதைச் செய்கிறவர் அவர் வீடியோ பார்த்தவர்.

அவருக்கும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. நேரலையில் ஒரு பெண், “ஐயா, வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?” என்று கேட்டுவிட்டார். ‘கள்’ தனிச்சொல் அல்ல, விகுதி, ஆகவே மிகாது என்று ஒரு கட்சி. எழுத்துக்கள் என்றும் வழங்கித்தானே வந்திருக்கிறது என்று மறு கட்சி. அச்சில் இரண்டும் உண்டு. வாத்தியார் ‘வாழ்த்துகள்’ கட்சி. ஆனால் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மற்றக் கட்சி. அன்றைக்குப் பத்து நொடி பேசாமல் இருந்தார். அது கேள்விக்கான இடைவெளி அல்ல.

போன வாரம் கீரைப் பாடத்தையே மறுபடி எடுத்தோம்; பழையதில் மின்விசிறிச் சத்தம் அதிகமாம். மூன்று வரியையும் எழுதினார். “இதில் ‘ஐ’ ஒளிந்த கட்டளை எது? உங்களுக்குப் பத்து நொடி” என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

மூன்றாவது நொடியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. “டேய், அங்க என்ன பேச்சு? வந்து கீரை கடை!”

ஒற்று இல்லை. அழுத்தமும் திருத்தமுமாக, இல்லவே இல்லை. வாத்தியார் சாக்கட்டியை வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். படம் ஓடிக்கொண்டிருந்தது. கரும்பலகையும், மத்து சட்டியில் உரசும் சத்தமும் பதிவாயின. விடை சொல்ல அவர் திரும்பி வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அதை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.