லாபம் எங்கே, காசு எங்கே?

கேள்வி: காபித் தோட்டத்தில் 6 லட்சம் லாபம் என்று ஆடிட்டர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பாஸ்புக்கில் 40,000தான் இருக்கிறது. மீதி எங்கே போனது?
– ஒரு வாசகர், தலைச்சோலை, ஏற்காடு

பதில்: காட்டெருமை மேயவில்லை, பயப்படாதீர்கள்! நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ரொக்க ஓட்ட அறிக்கை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணெல்லாம் கழித்தல். மங்கலான படத்தில் அந்தக் குறி கண்ணுக்குத் தப்பினால் செலவும் வரவாகத் தெரியும்.

முதல் வரி லாபம், 6,00,000. தேய்மானம் 50,000 ஏட்டுச் செலவுதான், யார் கைக்கும் போகாததால் ஆடிட்டர் திரும்பக் கூட்டியிருக்கிறார். அடுத்து (3,50,000). பிப்ரவரியில் காபியை ஏற்றிப்போன வியாபாரி மார்ச் 31 வரை தராத பாக்கி. பில் போட்ட அன்றே அது லாபமாகிவிட்டது, பணம் இன்னும் அவர் பையில். பிறகு (80,000). விற்காமல் கிடங்கில் இருக்கும் மிளகு. பறிகூலி கொடுத்தாயிற்று, ஆனால் மிளகு விற்கும்வரை அது லாபத்தில் கழியாது. ஆக, தொழிலில் வந்த ரொக்கம் 2,20,000.

அதிலிருந்து வெளியே போனவை இரண்டு. புதுப் பல்பர் மெஷின் 2,40,000. கடன் அசல் 60,000. வட்டி மட்டும்தான் லாபக் கணக்கில் கழியும், அசல் கழியாது. நிகரம் (80,000). ஆரம்ப இருப்பு 1,20,000இல் இதைக் கழித்தால் உங்கள் 40,000!

படத்தை இனிக் கீழிருந்து படியுங்கள். கடைசி வரி, பாஸ்புக் இருப்பும் கைரொக்கமும் சேர்ந்த தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் ஆடிட்டரை விட்டுவிட்டு வியாபாரிக்குப் போன் போடுங்கள்.